சரியான பாஸ்வேர்டைத் தப்பு என்று சொல்லும் மெயில்

ஓய்வுபெற்ற ஒருவரிடம் 2005 வாக்கில் தொடங்கிய யாஹூ முகவரி ஒன்று இருக்கிறது, yahoo.co.in என்று முடிவது. பாலிசி, பேங்க், வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாமே அந்த முகவரிக்குத்தான் எழுதுவார்கள். இத்தனை வருஷம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்து வந்தவர், இப்போது போனில் வேண்டும் என்கிறார். போனிலுள்ள மெயில் ஆப்பில் முகவரியையும் பாஸ்வேர்டையும் போட்டால் பாஸ்வேர்ட் தவறு என்று வருகிறது. நான்கு முறை நிதானமாக அடித்துப் பார்த்தாலும் அதே பதில்தான். பலரும் இந்த இடத்தில் பாஸ்வேர்டை மாற்றப் போய், காலாவதியான பழைய செல் நம்பருக்கு ஓடிபி அனுப்ப வைத்து, இருந்த வழியையும் அடைத்துக்கொள்கிறார்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போனில் குரோமைத் திறந்து, யாஹூ தளத்தில் அதே பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்து பாருங்கள். அங்கேயும் மறுத்தால் பாஸ்வேர்ட் நிஜமாகவே தவறு. அங்கே திறந்து, ஆப்பில் மட்டும் மறுத்தால் பாஸ்வேர்டில் கோளாறு இல்லை. பன்னிரண்டு மாதம் யாருமே நுழையாத பெட்டியைக் காலி செய்துவிடுவது யாஹூவின் வழக்கம். பழைய கடிதங்கள் இருக்கின்றனவா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

சரியான பாஸ்வேர்டை ஏன் மறுக்கிறது? ஆப் கையால் நிரப்பச் சொல்லும் அந்தப் பழைய முறையில், உங்கள் பாஸ்வேர்ட் ஆப்பிடம் போய்த் தங்கிவிடுகிறது. மெயில் நிறுவனங்கள் இப்போது இதை விரும்புவதில்லை. சில ஆப்கள் யாஹூவின் சொந்த நுழைவுப் பக்கத்தையே திறந்து காட்டும். அங்கே வழக்கமான பாஸ்வேர்ட் போதும். அப்படிப் பக்கம் திறக்காமல் வெறும் பெட்டி மட்டும் வந்தால், அந்த ஆப்புக்கென்று தனி பாஸ்வேர்ட் ஒன்று வேண்டும். உலாவியில் கணக்குக்குள் போய் பாதுகாப்புப் பகுதியில் app password என்பதைத் தேடுங்கள். பெயர் ஒன்று கொடுத்தால் பதினாறு எழுத்துகள் தரும். மறுபடி காட்டாது, அங்கேயே காப்பி செய்து ஆப்பில் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். போன் தொலைந்தால் அதே பக்கத்தில் இதை மட்டும் நீக்கினால் போதும், அசல் பாஸ்வேர்டைத் தொட வேண்டாம்.

இனி கணக்கைச் சேர்க்கலாம். வகை கேட்டால் IMAP என்பதைத் தேர்ந்தெடுத்து, இவற்றைக் கொடுங்கள்:

```
imap.mail.yahoo.com   993   SSL
smtp.mail.yahoo.com   465   SSL
```

முதல் வரி வரும் கடிதங்களுக்கு, இரண்டாவது போகும் கடிதங்களுக்கு. yahoo.co.in முகவரிக்கும் இதேதான். பயனர் பெயர் என்ற இடத்தில் முழு முகவரியையும் எழுதுவது நல்லது. கடிதம் வருகிறது, ஆனால் அனுப்பினால் அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது என்றால் கோளாறு இரண்டாவது வரியில். அனுப்பும் சர்வருக்கும் பயனர் பெயரும் அதே பதினாறு எழுத்தும் தேவை. பல ஆப்களில் அதைத் தனியாகக் கேட்பார்கள், நாம் தாண்டிப் போய்விடுவோம்.

அடுத்து வரும் புகார், ‘பழைய கடிதங்களைக் காணோம்’ என்பது. பெரும்பாலும் தொலைந்திருக்காது. சில நாட்களின் கடிதங்களை மட்டும் இறக்கும்படி ஆப்பில் அமைத்திருப்பார்கள். கணக்கின் அமைப்பில் sync என்ற இடத்தில் அந்தக் கால அளவைக் கூட்டிப் பாருங்கள். புதுக் கடிதம் ஆப்பைத் திறந்தால்தான் வருகிறது என்றால், போனின் பேட்டரி சேமிப்பு அதைப் பின்னணியில் தூங்க வைத்திருக்கும். ஆப்பின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும், 2012-க்கு முந்தைய கடிதம் ஒன்றுகூட உலாவியிலும் இல்லை என்றால் அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கவனிக்க வேண்டும். அக்கால மெயில் மென்பொருள்கள் பெரும்பாலும் POP முறையில் இயங்கின. கடிதத்தை இறக்கிக்கொண்டு சர்வரில் இருந்ததை அழித்துவிடுவது அந்த முறையில் சாதாரணம். IMAP-இல் கடிதம் சர்வரிலேயே இருக்கும், போன் அதைப் பார்க்கும். சர்வரில் இல்லாததை அதனால் காட்ட முடியாது. அந்தக் கடிதங்கள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். கம்ப்யூட்டரிலேயே அதே கணக்கை IMAP முறையில் இன்னொரு முறை சேர்த்து, பழைய கோப்புறையிலிருந்து கடிதங்களை அதற்குள் இழுத்துப் போட்டால் சர்வருக்கு ஏறிவிடும். ஆயிரக்கணக்கில் இருந்தால் நூறு இருநூறாக நகர்த்துவது மேல், இல்லையேல் பாதியில் நின்றுவிடும். ஏறியது உலாவியில் தெரிந்த பிறகே அங்கிருந்து எதையும் அழிக்கலாம். கம்ப்யூட்டரில் POP கணக்கையும் அதற்குப் பிறகு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது இன்பாக்ஸுக்கு வரும் புதுக் கடிதங்களையும் இறக்கி அழித்துக்கொண்டே இருக்கும், போனிலும் வந்த கடிதம் சற்று நேரத்தில் காணாமல் போகும்.