வெள்ளி மாலையா, ஞாயிறு காலையா?

வாரம் ஒரு வீடியோ போடும் சின்ன சமையல் சேனல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் வெள்ளி மாலை 7 மணி, மறுவாரம் ஞாயிறு காலை 10 மணி என்று மாற்றி மாற்றி எட்டு வீடியோக்கள் போட்டாயிற்று. முதல் 24 மணி நேரத்தில் வெள்ளி வீடியோக்களுக்குக் கிடைத்த பார்வைகள் 180, 210, 640, 190. ஞாயிறு வீடியோக்களுக்கு 230, 170, 260, 240.

சராசரி போட்டால் வெள்ளி 305, ஞாயிறு 225. வெள்ளிதான் நல்ல நாள் என்று தோன்றும். ஆனால் அந்த 640, தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்த முறுக்கு வீடியோ. கூட்டம் வந்தது முறுக்குக்காக, கிழமைக்காக அல்ல. எண்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுமதிப்பைப் பார்த்தால் வெள்ளி 200, ஞாயிறு 235 என்று முடிவு தலைகீழாகிறது. அதையும் உடனே நம்பக்கூடாது. ஞாயிறு வீடியோக்களுக்குள்ளேயே 170 முதல் 260 வரை ஏற்ற இறக்கம் இருக்கும்போது, 35 பார்வை வித்தியாசம் எதையும் நிரூபிக்காது. பெரிய சேனலில் ஒரு வீடியோவுக்கு வரும் ஆயிரக்கணக்கான பார்வைகளில் கரைந்துபோகும் தற்செயல், சின்ன சேனலில் முடிவையே புரட்டிவிடுகிறது.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. யூடியூப் தன் தினசரிக் கணக்கை அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி வைக்கிறது. அங்கே நள்ளிரவு ஆகும்போது இந்தியாவில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அதனால் தேதிவாரி வரைபடத்தைப் பார்த்தால், காலை 10 மணி வீடியோவின் ‘முதல் நாள்’ இரண்டரை மணி நேரத்திலேயே முடிந்துவிடும். மாலை 7 மணி வீடியோவுக்கோ பதினேழரை மணி நேரம் கிடைக்கும். மாலை ஜெயிப்பதில் என்ன அதிசயம்? தேதியை விட்டுவிட்டு, வெளியான நிமிடத்திலிருந்து சரியாக 24 மணி நேரம் கழித்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏழு கிழமை, 24 மணி என்று எல்லாவற்றையும் சோதிக்கப் போனால் 168 நேரங்கள் வரும். இரண்டே போதும். ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் பகுதியில், அவர்கள் கடந்த 28 நாட்களில் எந்நேரம் யூடியூபில் இருந்தார்கள் என்ற வரைபடம் தெரிந்தால், அதிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு மாதம் முழுக்க வெள்ளி, அடுத்த மாதம் முழுக்க ஞாயிறு என்று போடக்கூடாது. நடுவில் பரீட்சையோ பண்டிகையோ வந்தால் எதன் விளைவு எது என்று பிரிக்க முடியாது. வாராவாரம் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் எட்டு வீடியோ சேர 16 வாரம் ஆகும்.

அதன் பிறகும் இடைவெளி தெளிவாகத் தெரியாவிட்டால், உங்கள் சேனலில் அந்த இரண்டு நேரங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எடிட்டிங்கை அவசரமில்லாமல் முடிக்க எந்த நாள் வசதியோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.