பிளேட்டா, இரும்புக் கூரையா? மாவடிப்பள்ளியில் ஒரு தச்சுப் பட்டறை

மாவடிப்பள்ளியில் தச்சுப் பட்டறை கட்டப்போகும் ஒருவர் கூரை பற்றிக் கேட்க என்னை அழைத்திருந்தார். 20 அடி அகலம், 30 அடி நீளம், நிரப்பிய வயல் நிலம். "தம்பி, பிளேட்டே போடுவம். தகரம் பறந்தத நான் கண்ணால கண்டவன்" என்றார். 1978 நவம்பர் சூறாவளியின்போது அவருக்கு எட்டு வயது.

நம் பக்கத்தில் கொங்கிரீட் பிளேட் மீதுள்ள ஆசையை வெறும் பெருமை என்று நான் ஒதுக்குவதில்லை. சுனாமியில் மேல்மாடி இருந்தவர்கள் ஏறித் தப்பினார்கள். 2024 நவம்பர் வெள்ளம் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மதரசாப் பிள்ளைகளைக் கொண்டுபோனதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் பட்டறைக்கு வேறு ஒரு தேவை இருக்கிறது. நீளப் பலகையைத் திருப்ப நடுவில் தூண் இருக்கக்கூடாது.

அங்கேதான் பிளேட் இடறுகிறது. 5 அங்குலப் பிளேட் 10, 12 அடி இடைவெளியைத் தாங்கும். 20 அடியைத் தூணில்லாமல் தாண்ட வேண்டுமானால் 10 அடிக்கு ஒன்றாக, சுமார் 18 அங்குல ஆழத்தில் கொங்கிரீட் பீம் போட வேண்டும். அத்தனையும் சேர்ந்தால் கூரை மட்டும் 20 தொன்னைத் தாண்டும். 20 அடி இரும்பு ட்ரஸ் நான்கும் அதன்மேல் பேர்லினும் சீற்றும் சேர்ந்து ஒரு தொன் அளவில் நின்றுவிடும். நிரப்பிய நிலத்தில் இந்த வித்தியாசம் அத்திவாரத்துக்குத்தான் போய்ச் சேரும். ஒரு மூலை கொஞ்சம் இறங்கினாலே பிளேட் வெடிக்கும்.

செலவில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த அளவுப் பிளேட்டுக்கும் பீமுக்கும் கம்பி மட்டும் முக்கால் தொன் வரை போகும். ட்ரஸ்ஸுக்கும் பேர்லினுக்கும் தேவையான இரும்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது இரும்பை இரண்டிலும் வாங்கத்தான் வேண்டும். பிளேட்டில் அதற்கு மேலே 60 பை அளவில் சீமெந்து, மணல், கல், பலகையடிப்பு, முட்டு, கூலி, பெரிய தூண், பெரிய அத்திவாரம் எல்லாம் கூடும். விலை எந்த மாதம் எப்படி மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்படியானால் காற்று? அவருடைய பயம் நியாயமானது. மணிக்கு 145 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றர் கூரையைச் சுமார் 100 கிலோ விசையில் மேலே இழுக்கக்கூடும். கூரையின் சொந்தப் பாரமோ அதில் ஐந்தில் ஒன்றுகூட வராது. நடு ட்ரஸ்ஸின் ஒவ்வொரு நுனியையும் ஏறக்குறைய ஒரு தொன் தூக்கப் பார்க்கும். பெரிய கதவு திறந்து கிடந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும். தகரம் பறப்பது இரும்பின் குற்றமல்ல, கட்டாததின் குற்றம். தூணுக்குக் கொங்கிரீட் போடும்போதே வளைந்த போல்ட்டைத் தூண் கம்பியோடு கட்டிப் புதைக்க வேண்டும். சுவர் முடிந்தபின் மேலே துளையிட்டு ஆணி இறுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்தது கறள். இங்கே உப்புக் காற்று வரும். மெல்லிய பொக்ஸ் பார் உள்ளிருந்து தின்னப்படும். வெளியே பெயின்ட் பளபளக்கும். அதனால் திறந்த நுனிகளை வெல்டிங்கால் அடைக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் நாகப்பூச்சு எரிந்துபோகும் இடங்களைத் தேய்த்து, நாகம் கலந்த பூச்சு அடிக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை, மாரிக்கு முன், ஏறி மூட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொருக்கு உதிர்ந்தால் அங்கே வேலை இருக்கிறது.

பிளேட்டுக்குப் பராமரிப்பே இல்லை என்பது தவறு. கழுவாத கடல் மணலோ உவர் நீரோ கலந்தால், அல்லது கம்பி பலகையிலேயே படுத்துக் கிடக்கக் கொங்கிரீட் ஊற்றினால், உள்ளே கம்பி வீங்கிக் கீழ்ப்பக்கம் பொருக்காக விழும். பழுப்புக் கோடும், தட்டும்போது வெற்றுச் சத்தமும் அதற்கு அடையாளம். ட்ரஸ்ஸில் ஒரு துண்டை வெட்டி மாற்றலாம். பிளேட்டில் அது லேசில் நடக்காது. பிறகு மாடி கட்ட என்று வெளியே நீட்டி விடும் கம்பிகளும் இப்படித்தான் கறளை உள்ளே அழைத்துப் போகின்றன.

கடைசியில் இரண்டையும் பிரித்தோம். முன் 20 அடிக்கு மூன்று ட்ரஸ். பின் 10 அடிக்குப் பிளேட்; அங்கே அறைச் சுவர் வருவதால் நடுவில் தூண் நிறுத்தலாம், ஆழமான பீம் வேண்டாம். வெள்ளம் வந்தால் மோட்டர்களையும் கருவிகளையும் அதில் ஏற்றிவிடலாம். ஆட்களும் ஏறலாம்.

"படி உள்ளுக்கா, வெளியிலயா?" என்று கேட்டார்.

"வெளியில வைங்க காக்கா. ராவையில பட்டறை பூட்டித்தானே கிடக்கும்."