மூன்று வரி அட்டவணையில் ஒளிந்திருக்கும் அடுக்குகள்

பிளஸ் டூ வேதியியலில் வேதிவினை வேகவியல் பாடத்தை முடித்தவர்களுக்கு இந்த வகைக் கேள்வி பழக்கமானது. ஒரு சமன்பாடு இருக்கும். அதன்கீழே மூன்று நான்கு வரிகளில் ஓர் அட்டவணை இருக்கும். "வேக விதியைக் காண்க, வினைவகையைக் கூறுக" என்று கேட்டிருப்பார்கள். நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜனும் வினைபுரிந்து நைட்ரஜனும் நீராவியும் தருவதைப் பற்றிய கேள்வி இவற்றில் மிகப் பழையது, மிக நல்லதும்கூட.

2NO + 2H₂ → N₂ + 2H₂O

வெப்பநிலை 1280 டிகிரி செல்சியஸ். கீழே செறிவு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றும், தொடக்க வேகம் லிட்டருக்கு, வினாடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்றும் தரப்பட்டுள்ளது.

| சோதனை | NO | H₂ | தொடக்க வேகம் |
|---|---|---|---|
| 1 | 5 | 2 | 13 |
| 2 | 10 | 2 | 50 |
| 3 | 10 | 4 | 100 |

நாம் தேடுவது, வேகம் = k[NO]^m[H₂]^n என்ற வடிவில் உள்ள விதி. இதில் m, n என்ற இரண்டு அடுக்குகளும், வேக மாறிலி k-யும் தெரியாதவை. சமன்பாட்டில் இரண்டு வினைபடுபொருள்களுக்கு முன்னாலும் 2 நிற்பதால், அடுக்குகளும் 2, 2 என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுக்கலாம். அந்த ஊகம் சரியா என்று அட்டவணையே சொல்லும்.

தொடக்க வேகம் எதற்கு? வினை ஓட ஓட வினைபடுபொருள்கள் குறைகின்றன, விளைபொருள்கள் சேர்கின்றன, சில வினைகள் பின்னோக்கியும் திரும்பத் தொடங்குகின்றன. நாம் எடைபோட்டுச் சேர்த்த செறிவு எந்தக் கணத்தில் அப்படியே இருக்கிறது என்றால், தொடக்கத்தில் மட்டும்தான். அதனால் செறிவு மாறுவதை நேரத்துக்கு எதிராக வரைபடமாக வரைந்து, நேரம் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் தொடுகோடு போட்டு, அதன் சாய்வை எடுக்கிறார்கள். மேலே உள்ள வாயு வினையில் நான்கு மூலக்கூறுகள் மூன்றாகின்றன. எனவே மூடிய கலத்தில் அழுத்தம் இறங்கும் வேகத்தைப் பார்த்தே வினையின் வேகத்தைக் கணித்துவிடலாம்.

இப்போது அட்டவணைக்கு வருவோம். 1, 2 ஆகிய சோதனைகளில் ஹைட்ரஜன் மாறவில்லை, நைட்ரிக் ஆக்சைடு மட்டும் இரண்டு மடங்காகிறது. இரண்டாவது வேகத்தை முதலாவதால் வகுத்தால் k-யும் ஹைட்ரஜனும் அடிபட்டுப் போய், 50/13 = 2^m என்பது மட்டும் மிஞ்சும். இடப்பக்கம் 3.85. இங்கேதான் பல மாணவர்கள் திகைக்கிறார்கள். மடக்கை போட்டால் m = 1.94 என்று வரும், அதை அப்படியே விடையாக எழுதிவிடுபவர்களும் உண்டு. ஆனால் 13 என்பது இரண்டு இலக்கங்களுக்குத் திருத்திய அளவு. உண்மை மதிப்பு 12.5-க்கும் 13.5-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம், 12.5 என்றால் விகிதம் சரியாக 4. ஆகவே m = 2. எல்லா விகிதமும் துல்லியமான முழு எண்ணாக வரும் அட்டவணைகளைவிட, இப்படிக் கொஞ்சம் பிசிறுள்ள அட்டவணையை நான் விரும்புவேன். ஆய்வகத்தில் எண்கள் இப்படித்தான் வரும்.

2, 3 ஆகிய சோதனைகளில் நைட்ரிக் ஆக்சைடு நிலையாக இருக்க, ஹைட்ரஜன் இரட்டிக்கிறது. வேகமும் 50-லிருந்து 100 ஆக இரட்டிக்கிறது. ஆகவே n = 1. வேக விதி k[NO]²[H₂]. அடுக்குகளைக் கூட்டினால் 3, இது மூன்றாம் வகை வினை.

சோதனை 2 இல்லாமல் போயிருந்தால்? 1, 3 இரண்டை மட்டும் ஒப்பிட்டால் இரண்டு செறிவுகளும் ஒரே நேரத்தில் இரட்டிக்கின்றன, வேகம் ஏறத்தாழ 8 மடங்காகிறது. அதிலிருந்து m + n = 3 என்று மட்டும்தான் சொல்ல முடியும். 2-ம் 1-ஆ, 1-ம் 2-ஆ என்று பிரிக்க வழியில்லை. ஒரு பொருளை அசையாமல் வைத்து மற்றொன்றை மாற்றுவது அதனால்தான். எதுவும் நிலையாக இல்லாத அட்டவணை வந்தால், முதலில் கண்டுபிடித்த அடுக்கின் பங்கை வகுத்து நீக்கிவிட்டு மீதியைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது k. இரண்டாவது வரியை எடுத்துக்கொள்வோம். செறிவுகளை மோலுக்கு மாற்றினால் 0.010, 0.002. வேகம் 0.00005. எனவே k = 0.00005 ÷ (0.010² × 0.002) = 250. அலகு லிட்டர்² மோல்⁻² வினாடி⁻¹. பெரும்பாலோர் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள், ஆனால் எல்லா வரிகளிலிருந்தும் k-யைக் கணக்கிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. முதல் வரியில் 260, மற்ற இரண்டிலும் 250. திருத்தத்தால் வந்த சிறு வித்தியாசத்தைத் தவிர மாறிலி மாறாமலே நிற்கிறது.

சமன்பாட்டைப் பார்த்து 2, 2 என்று ஊகித்தவரும் இதே சோதனையைச் செய்யட்டும். அவருக்கு முதல் வரி 1,30,000 தரும், இரண்டாவது 1,25,000 தரும். அதுவரை நிம்மதிதான். மூன்றாவது வரி 62,500 என்று பாதியாகச் சரியும். முதல் இரண்டு வரிகளில் ஹைட்ரஜன் மாறவே இல்லை என்பதால், அதன் அடுக்கில் உள்ள பிழை அங்கே வெளிப்பட வாய்ப்பில்லை. ஹைட்ரஜன் மாறும் வரிதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஹைட்ரஜனுக்கு ஏன் 1? இந்த வினையை 1926இல் ஹின்ஷெல்வுட்டும் கிரீனும் ஆராய்ந்து, இது மூன்றாம் வகை என்று கண்டார்கள். இன்று பாடநூல்கள் தரும் விளக்கம், வினை பல படிகளில் நடக்கிறது என்பது. இரண்டு NO சேர்ந்து N₂O₂ என்ற நிலையற்ற இணையாகிறது. இது வேகமாக உருவாகி வேகமாகப் பிரியும் சமநிலை. அந்த இணையை ஒரே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு தாக்கி N₂O-வும் நீரும் தருவதுதான் மெதுவான படி, வேகத்தை நிர்ணயிப்பதும் அதுதான். இரண்டாவது ஹைட்ரஜன் மூலக்கூறு அதற்குப் பிறகு, வேகமான படியில்தான் வருகிறது. அதனால் சமன்பாட்டில் அதற்கு இடம் உண்டு, வேக விதியில் இல்லை.

இதன் உச்சம், அமிலம் கலந்த அசிட்டோனில் அயோடின் வினைபுரிவது. அயோடினை இரட்டித்தாலும் தொடக்க வேகம் அசையாது, அதன் அடுக்கு பூஜ்யம். அயோடின் வினையில் கலந்துகொள்ளவில்லை என்று இதற்குப் பொருளில்லை, அது செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. மெதுவான படிக்குப் பிறகு வருகிறது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், நிகர வினையில் செலவாகாத ஹைட்ரஜன் அயனி, வினையூக்கியாக, வேக விதிக்குள் முதல் அடுக்கோடு உட்கார்ந்திருக்கிறது.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஹைட்ரஜனும் புரோமினும் சேர்ந்து ஹைட்ரஜன் புரோமைடு தரும் வினையில், தொடக்க வேகங்களை மட்டும் எடுத்தால் ஹைட்ரஜனுக்கு 1, புரோமினுக்கு ½ என்று வரும். அதாவது புரோமினை இரட்டித்தால் வேகம் 1.41 மடங்காகும். ஆனால் போடன்ஸ்டைனும் லிண்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வினையை இறுதிவரை பின்தொடர்ந்தபோது, சேர்ந்துகொண்டே போகும் ஹைட்ரஜன் புரோமைடு வினையைத் தடுப்பது தெரிந்தது. அந்தப் பொருள் தொடக்கத்தில் கலத்தில் இல்லாததால், தொடக்க வேக அட்டவணை அதைக் கண்டிருக்கவே முடியாது. கண்டுபிடிக்க விரும்பினால், தொடங்கும்போதே கலத்தில் கொஞ்சம் ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்து, அட்டவணையில் இன்னொரு பத்தியைத் திறக்க வேண்டும்.