விடிகாலைத் தலைவலியும் வாந்தியும்: மண்டையோட்டுக்குள் ஏறும் அழுத்தம்

தலைவலி என்று வருபவரிடம் அது எந்த நேரத்தில் வருகிறது என்று மருத்துவர் கேட்பது வழக்கம். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எழுந்ததுமே இருக்கும் வலி, அதோடு சேர்ந்த வாந்தி, சிறிது நேரம் நடமாடியபின் இரண்டும் தணிந்துவிடுவது என்று பதில் வந்தால் அவர் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்வார். மூளையில் கட்டி இருந்தால் அது பகலிலும் இரவிலும் ஒரே அளவில்தான் இருக்கும். ஆனால் இரவில் படுத்துத் தூங்கும்போது மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தம் கூடுகிறது. காலைநேர அறிகுறிகளுக்கு அந்தக் கூடுதல் அழுத்தமே காரணம்.

வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புக் கூடு. அதற்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 1,400 மில்லிலிட்டர் பருமனுள்ள மூளை, சுமார் 150 மில்லிலிட்டர் ரத்தம், கிட்டத்தட்ட அதே அளவு மூளைத் தண்டுவடத் திரவம். நீர்போல் தெளிந்த இந்தத் திரவம் மூளையின் உள்ளறைகளில் நாளொன்றுக்கு சுமார் 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. ஒடுங்கிய பாதைகள் வழியாக வெளியேறி மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நின்று, பிறகு ரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது. மூன்றில் ஒன்று கூடினால் மற்ற இரண்டில் ஏதாவது குறைந்தாக வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் ஏறும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்றோ 1783இலும் ஜார்ஜ் கெல்லி 1824இலும் முன்வைத்த கருத்துகளிலிருந்து உருவான இந்த விதி இன்றும் அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

கட்டி வளரத் தொடங்கும்போது இந்த ஏற்பாடு முதலில் ஈடுகொடுக்கிறது. திரவத்தில் ஒரு பகுதி தண்டுவடப் பக்கம் இறங்குகிறது. சிரைகளில் இருக்கும் ரத்தம் சற்றுக் குறைகிறது. அதனால் கட்டி ஓரளவு பெரிதாகும்வரை அழுத்தம் இயல்பான எல்லையிலேயே, அதாவது படுத்த நிலையில் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவில், நிற்கிறது. நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. விட்டுக்கொடுக்க இனி இடமில்லை என்ற நிலை வந்தபின் கணக்கு மாறிவிடுகிறது. அதுவரை பல மில்லிலிட்டரைத் தாங்கிய மண்டையோட்டுக்குள் இப்போது சில மில்லிலிட்டர் கூடினாலே அழுத்தம் செங்குத்தாக ஏறி 20ஐத் தாண்டிவிடும். அந்தச் சில மில்லிலிட்டரைத்தான் இரவு கொண்டுவந்து சேர்க்கிறது.

முதல் காரணம், படுக்கும் நிலை. நிற்கும்போது தலையிலிருந்து ரத்தம் கழுத்துச் சிரைகள் வழியாகப் புவியீர்ப்பின் உதவியோடு இறங்குகிறது. நலமாக உள்ளவர் நிமிர்ந்து நிற்கையில் தலைக்குள் அழுத்தம் சுழியத்தை ஒட்டியோ அதற்கும் சற்றுக் கீழாகவோகூட இருக்கலாம். தட்டையாகப் படுத்ததும் அந்த உதவி போய்விடுகிறது.

இரண்டாவது காரணம், மூச்சு. தூக்கத்தில் மூச்சு ஆழம் குறைந்து, ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் சில மில்லிமீட்டர் கூடுகிறது. இந்த வாயு மூளையின் ரத்தக்குழாய்களை விரிக்கும் தன்மையுடையது. அது ஒரு மில்லிமீட்டர் கூடினால் மூளைக்குச் செல்லும் ரத்தம் ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம் கூடும். நலமான மூளைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஏற்கெனவே இடமில்லாத மண்டையோட்டுக்குள் அதே ரத்தம் பெரும் சுமையாகிறது.

கனவு காணும் தூக்கத்தில் மூளையின் ரத்த ஓட்டம் இன்னும் பெருகும். சுவீடனைச் சேர்ந்த நரம்பு அறுவை மருத்துவர் நில்ஸ் லண்ட்பெர்க் நோயாளிகளின் மூளையறைக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து, முடிவுகளை 1960இல் வெளியிட்டார். அழுத்தம் திடீரென 50 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி, 5 முதல் 20 நிமிடங்கள்வரை உயரத்திலேயே நின்று, பிறகு இறங்கும் அலைகளை அவர் பதிவு செய்தார். அத்தகைய அலை எழும் வேளையில் தலைவலியும் வாந்தியும் தோன்றுவதுண்டு.

மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. வலி உணர்வு மூளையைச் சுற்றியுள்ள தடித்த உறையிலும் பெரிய ரத்தக்குழாய்களிலும் இருக்கிறது. அழுத்தம் ஏறி இவை இழுபடும்போது மந்தமான, அழுத்துவது போன்ற வலி தலை முழுவதும் பரவுகிறது. பின்மண்டையில் கட்டி இருந்தால் வலி பிடரியிலும் கழுத்திலும் உணரப்படலாம். இருமினாலும், குனிந்தாலும், மலம் கழிக்க முக்கினாலும் சிரைகளில் ரத்தம் தேங்கி வலி ஒரு கணம் கூடும். எழுந்து உட்கார்ந்தால் ரத்தம் இறங்கத் தொடங்கும். விழித்தபின் மூச்சும் ஆழமாகும். அதனால்தான் நேரம் ஆக ஆக வலி குறைகிறது.

வாந்திக்கான கட்டுப்பாடு மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கிறது. நான்காவது மூளையறைத் தரையின் கீழ்ப்பகுதி முகுளத்தின் மேற்பரப்பு. ஏறிய அழுத்தமோ அந்த அறையில் வளரும் கட்டியோ அவ்விடத்தைத் தூண்டினால், வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாமலே வாந்தி வரும். ஆகவே முன்கூட்டிக் குமட்டல் இல்லாமலும், சில வேளைகளில் பீய்ச்சி அடிப்பது போலவும் அது வெளிவரலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்காது. வாந்தி எடுத்தபின் தலைவலி தணிந்ததாகப் பலர் சொல்வதுண்டு. எழுந்து உட்கார்ந்ததும், வாந்தியின்போது வேகமாக மூச்சு வாங்கிக் கரியமில வாயு வெளியேறியதும் அதற்குக் காரணமாகலாம். இந்தத் தணிவே குடும்பத்தாரை வயிற்றுக் கோளாறுதான் என்று நம்பவைத்துவிடுகிறது.

குழந்தைகளிடம் இந்தத் தவறு அதிகம் நேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்களுக்கு வரும் மூளைக்கட்டிகளில் பெரும்பங்கு பின்மண்டையில், சிறுமூளையையும் நான்காவது அறையையும் ஒட்டி வளர்கிறது. அங்கே கட்டி சிறியதாக இருக்கும்போதே திரவத்தின் பாதையை அடைத்துவிடும். சுரப்பது நிற்காததால் மேலுள்ள அறைகள் திரவம் தேங்கி வீங்குகின்றன. கட்டியின் பருமனைவிடத் தேங்கிய திரவமே அழுத்தத்தை வேகமாக ஏற்றுகிறது.

ஏழு வயதுச் சிறுமிக்கு இந்நோய் வந்தால் நிகழ்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதல் வாரம் இரண்டு நாள் காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கிறாள். எட்டு மணிக்கெல்லாம் தெளிந்து, இட்லி சாப்பிட்டுப் பள்ளிக்குப் போய்விடுகிறாள். பித்தம் என்கிறார்கள் வீட்டில். பூச்சி மருந்தும் பிறகு வயிற்றுப் புண்ணுக்கான மருந்தும் கொடுக்கப்படுகின்றன. பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் செய்கிறாளோ என்ற சந்தேகமும் எழுகிறது. ஆனால் விடுமுறை நாளிலும் வாந்தி வருகிறது. மூன்றாம் வாரத்தில் பிடரி வலிக்கிறது என்கிறாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கிறாள். நான்காம் வாரத்தில் கால்களை அகட்டித் தள்ளாடி நடக்கிறாள். தூரத்துப் பொருள் இரண்டாகத் தெரிகிறது என்கிறாள்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. தள்ளாட்டம் சிறுமூளையின் நடுப்பகுதி பாதிக்கப்பட்டதைச் சொல்கிறது. இரட்டைப் பார்வைக்குக் காரணம், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது மூளை நரம்பு அழுத்தத்தால் செயலிழப்பது. மருத்துவர் கருவியால் கண்ணுக்குள் பார்க்கும்போது கண்நரம்பு தொடங்கும் வட்டம் விளிம்பு மங்கி வீங்கியிருக்கிறது. கண்நரம்பைச் சுற்றியுள்ள உறை மூளையுறையின் தொடர்ச்சி என்பதால் தலைக்குள் ஏறிய அழுத்தம் அங்குவரை எட்டுகிறது. சில நிமிடங்களில் முடியும் இச்சோதனை வலுவான தடயம் தருகிறது. ஆயினும் அழுத்தம் ஏறிய தொடக்க நாட்களில் வீக்கம் தோன்றாமலும் இருக்கலாம். எனவே கண் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஐயத்தைக் கைவிட முடியாது.

எம்ஆர்ஐ படத்தில் சிறுமூளையின் நடுவிலிருந்து நான்காவது அறைக்குள் துருத்திய கட்டியும், அதற்கு மேல் விரிந்த அறைகளும் தெரிகின்றன. படம் எடுக்கும் முன் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது ஆபத்தானது. கீழே அழுத்தம் திடீரெனக் குறைந்தால் சிறுமூளையின் அடிப்பகுதி மண்டையோட்டின் அடித்துளைக்குள் இறங்கி முகுளத்தை நெருக்கி மூச்சை நிறுத்திவிடலாம். டெக்சாமெத்தசோன் என்ற மருந்து கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைத்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் தலைவலியையும் வாந்தியையும் தணிக்கிறது. தேங்கிய திரவத்தை வெளியேற்ற வழி செய்து, அறுவை மூலம் கட்டி அகற்றப்படுகிறது. அது எந்த வகை என்பது திசுச் சோதனையில் தெரியும். சில வகைகளுக்கு அறுவையே போதும். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியாக இருந்தால் இந்த வயதில் கதிர்வீச்சும் புற்றுநோய் மருந்துகளும் தொடரும்.

பெரியவர்களிடம் காலைத் தலைவலி இவ்வளவு உறுதியான அடையாளம் அல்ல. நியூயார்க்கில் மூளைக்கட்டி நோயாளிகள் 111 பேரை ஆராய்ந்து ஃபோர்சித், போஸ்னர் என்ற மருத்துவர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், தலைவலி இருந்தவர்கள் பாதிப் பேர்தான். பாடநூல் சொல்லும் விடிகாலை வலி இருந்தவர்கள் அவர்களிலும் சிறுபான்மையினரே. பெரும்பாலானோருக்குச் சாதாரண இறுக்கத் தலைவலி போன்ற வலிதான் இருந்தது. ஆகவே காலை வலி இல்லை என்பதால் கட்டி இல்லை என்று ஆகாது.

மறுபக்கம், காலைத் தலைவலியோடு எழும் பெரும்பாலானோருக்குக் கட்டி இருப்பதில்லை. குறட்டையோடு மூச்சு விட்டுவிட்டு வரும் தூக்கக் கோளாறு, ஒற்றைத் தலைவலி, வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் விழுங்கும் பழக்கம் ஆகியவை வழக்கமான காரணங்கள். ஒற்றைத் தலைவலியிலும் வாந்தி உண்டு; ஆனால் அது ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி வந்துபோகும், இடையில் உடல் முழு நலமாக இருக்கும். கட்டியின் வலியோ வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும்.

அழுத்தம் ஏறக் கட்டிதான் வேண்டும் என்பதும் இல்லை. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் மூளைச் சிரைகளில் ரத்தம் உறையலாம். காசநோய் மூளையுறையைத் தாக்கித் திரவப் பாதையை அடைக்கலாம். உடல் பருத்த இளம்பெண்களுக்குக் காரணம் புலப்படாமலே அழுத்தம் ஏறிப் பார்வை பறிபோகலாம். இவற்றிலும் அதே தலைவலியும் வாந்தியும் கண்வட்ட வீக்கமும் காணப்படும்.

ஆகவே மருத்துவர் ஒரு அறிகுறியை மட்டும் பார்ப்பதில்லை, சேர்க்கையைப் பார்க்கிறார். புதிதாகத் தொடங்கி வாரக்கணக்கில் கூடும் காலைத் தலைவலி, வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இன்றி இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் வாந்தி ஆகியவற்றோடு தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, தலைச்சாய்வு, புதிதாக வரும் வலிப்பு, கை கால் பலவீனம், குணமாற்றம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தாமதமின்றி மூளையைப் படம் எடுக்க வேண்டும். மண்டையெலும்புகள் இன்னும் இணையாத கைக்குழந்தைக்குத் தலையே வேகமாகப் பெரிதாகும், உச்சிக்குழி புடைத்து நிற்கும். நோயாளி எழுப்பினாலும் எழாமல் மயக்கத்தில் ஆழ்ந்தால், நாடித்துடிப்பு மெதுவாகி ரத்த அழுத்தம் ஏறினால், மூச்சு சீரற்றுப் போனால், மூளைத்தண்டு நெருக்கப்படுகிறது என்று பொருள். அந்நிலையில் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தி, உடனே நரம்பு அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.