‘லா’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்

2009 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஆலன் முலாலி புது டெல்லிக்கு வந்து ஒரு சிறிய காரை உலகுக்குக் காட்டினார். சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் உருவாகவிருந்த அந்தக் காருக்கு ‘ஃபிகோ’ என்று பெயர். பெயருக்கு நிறுவனம் தந்த விளக்கம் எளிமையானது. இத்தாலியப் பேச்சு வழக்கில், நம் ஊர் இளைஞர்கள் ‘செம’ என்று சொல்வார்களே, அதற்கு இணையான சொல் இது.

விளக்கத்தில் பிழை இல்லை. மிலான் நகரத் தெருவில் நல்ல வண்டி ஒன்று போனால் ‘கே ஃபீகோ!’ என்று பையன்கள் வியந்து சொல்வதுண்டு. ஆனால் அதே மிலான்காரரிடம் இதை ஒரு காருக்கு வைக்கலாமா என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவார். இந்தச் சொல்லின் கடைசி எழுத்தான ‘ஓ’வை ‘ஆ’ ஆக்கினால் ‘ஃபீகா’. அது பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

ஓர் எழுத்து மாறினால் எந்தச் சொல்லும்தான் வேறொன்றாகிவிடும், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இத்தாலிய மொழியில் கடைசி உயிரெழுத்து சும்மா நிற்பதில்லை. பெரும்பாலும் ‘ஓ’ என்று முடிந்தால் ஆண்பால், ‘ஆ’ என்று முடிந்தால் பெண்பால். உயிரில்லாத பொருள்களுக்கும் பால் உண்டு. பெயருக்கு முன்னால் வரும் ‘இல்’, ‘லா’ போன்ற சுட்டுச் சொல்லும் அந்தப் பாலுக்கு ஏற்ப மாறும். கார் அந்த மொழியில் ஆணா பெண்ணா என்பதில் ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது. கவிஞர் கப்ரியேலே தன்னுன்ட்சியோ 1920இல் ஃபியட் அதிபர் ஜொவான்னி அன்யெல்லிக்கு எழுதிய கடிதத்தில், அது பெண்தான் என்று வாதாடினார். அந்த வழக்கம் நிலைத்தது. எந்த காராக இருந்தாலும் ‘லா பாண்டா’, ‘லா புன்டோ’ என்றே இத்தாலியர்கள் சொல்கிறார்கள்.

இப்போது ஃபிகோவை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்: ‘லா ஃபீகோ’. பெண்பாலுக்குரிய ‘லா’ வந்ததும் காது தானாகவே ‘ஆ’ முடிவை எதிர்பார்க்கிறது. அகராதியில் தனியாக நின்றபோது நல்ல பொருள் தந்த சொல், வாக்கியத்துக்குள் நுழைந்ததும் தவிர்க்க நினைத்த சொல்லை நினைவுபடுத்துகிறது. பெயரைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதுதான். சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்க்கிறார்கள். அந்தப் பொருளை வாங்க வந்தவர் கடையில் எப்படிக் கேட்பார் என்று பார்ப்பதில்லை.

ஃபிகோ இத்தாலிக்காக வைத்த பெயரல்ல. இந்தியாவில் அந்தப் பெயர் யாரையும் உறுத்தவில்லை. கார் நன்றாக விற்றது, 2011ஆம் ஆண்டின் சிறந்த இந்தியக் காராகவும் தேர்வானது. அடுத்த தலைமுறை ஃபிகோவை 2016இல் குஜராத்தின் சானந்த் ஆலையிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பியபோது, அங்கே ஏற்கெனவே பழகியிருந்த ‘கா’ என்ற பெயரோடு ஒரு பிளஸ் சேர்த்து ‘கா பிளஸ்’ என்று விற்றார்கள். அதனால் ‘லா ஃபீகோ’ என்று சொல்லும் வேளை இத்தாலியக் கடைக்காரர்களுக்கு வரவில்லை.

இத்தாலியர்களே இந்தச் சொல்லோடு விளையாடியதும் உண்டு. 2017இல் பொலோன்யா நகருக்கு வெளியே பெரியதொரு உணவுப் பூங்கா திறந்தார்கள். நீளமான அதன் அப்போதைய பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஃபீகோ’ என்று வந்தது. ஆனால் இதில் நடு எழுத்து ‘ஜி’ அல்ல, ‘சி’; ஃபிகோ கார் ‘கோ’வை அழுத்தாமல் ‘go’ போலச் சொல்வது, இது ‘co’ போலச் சொல்வது. இந்த வடிவத்துக்கு முதல் பொருள் அத்திப்பழம். நடு இத்தாலியில் ‘செம’ என்பதற்கும் இதே வடிவம்தான். உணவுப் பூங்காவுக்கு அத்திப்பழம் பொருந்தும், பூங்கா ஆண்பால் என்பதால் பெண்பாலுக்குரிய ‘லா’வும் முன்னால் வராது. ஒரே சொல் காரில் இடறி, பூங்காவில் இடறாமல் நின்றதற்கு இவைதான் காரணம்.

ஆகவே சோதனையின் முதல் படி வாய்விட்டுப் படிக்க வைப்பது. பெயரை ஓர் அட்டையில் எழுதி, என்ன பொருள், எந்த நிறுவனம் என்று எதுவும் சொல்லாமல், இத்தாலியில் வளர்ந்தவர் ஒருவரிடம் நீட்ட வேண்டும். அவர் வாயிலிருந்து வருவதுதான் அந்த நாட்டில் உங்கள் பெயர். இந்தியப் பெயர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் ஆங்கில வழக்கப்படி ‘சி-எச்’ என்று எழுதி ‘ச’ என்று படிக்கிறோம். இத்தாலியில் ‘சி-எச்’ என்றால் ‘க’. அந்த விதிப்படி படித்தால் சென்னை ‘கென்னாய்’ ஆகும், சோழா ‘கோலா’ ஆகும். ‘கோலா’வோடு ஒரு ‘ல்’ கூடினால் ‘கொல்லா’. அது பசை.

ஒரு மெய்யெழுத்து கூடுவதும் குறைவதும் தமிழருக்குப் புதிதல்ல. படம் வேறு, பட்டம் வேறு என்பது நமக்குப் பிறவியிலேயே தெரியும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்த வேறுபாடு காதில் விழுவது கடினம், இத்தாலியருக்கோ நம்மைப் போலவே தெளிவாக விழும். ‘பென்னே’ என்பது எல்லோரும் அறிந்த பாஸ்தா வகை. ஒரு ‘ன்’ குறைந்து ‘பேனே’ ஆனால் ஆணுறுப்பு. ‘அன்னோ’ ஆண்டு, ‘ஆனோ’ மலவாய். பெயர்ப்பலகையில் இரட்டிக்க வேண்டிய எழுத்தை ஒற்றையாக எழுதிவிட்டால், அதை வெறும் எழுத்துப்பிழை என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

அகராதியைப் புரட்டினாலும் கிடைக்காத பொருள்கள் வட்டார வழக்கில் ஒளிந்திருக்கும். இத்தாலி ஒரே நாடானது 1861இல்தான். இன்றும் மிலானிலும் வெனிசிலும் ரோமிலும் பலெர்மோவிலும் வீட்டுப் பேச்சு வேறு வேறு. மோனா என்ற பெண் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ரோமில் அது வெறும் பெயர். வெனிஸ் வட்டாரத்தில் பெண்ணுறுப்பைக் குறிக்கும் வசைச்சொல், முட்டாள் என்ற பொருளும் உண்டு. லியோனார்டோவின் புகழ்பெற்ற ஓவியத்தை இத்தாலியர்கள் இரண்டு ‘ன்’ போட்டு ‘மொன்னா லீசா’ என்றே எழுதுகிறார்கள். அங்கே மொன்னா என்றால் சீமாட்டி. ஆங்கிலத்தைப் பார்த்து ஒற்றை ‘ன்’ வைத்து அழகு நிலையத்துக்குப் பெயரிட்டால், வெனிசில் பலகை மாட்டிய அன்றே பேச்சு கிளம்பிவிடும். அதனால் மிலானில் ஒருவரை மட்டும் கேட்பது போதாது. வடக்கில் இரண்டு பேர், வெனிஸ் பக்கம் ஒருவர், ரோமிலிருந்து ஒருவர், நேப்பிள்ஸ், சிசிலியிலிருந்து ஆளுக்கு ஒருவர் என்றாவது வேண்டும். பள்ளி மாணவர்களின் கொச்சை பெரியவர்களுக்குத் தெரியாது என்பதால் அவர்களில் இளையவர்களும் இருக்க வேண்டும்.

ஆங்கிலச் சொல்லாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. ‘வாட்டர்’ என்ற சொல்லை இத்தாலியர்கள் முன்பே கடன் வாங்கி ‘வாத்தெர்’ ஆக்கிவிட்டார்கள். ‘வாட்டர் குளோசெட்’டிலிருந்து சுருங்கி வந்த அது கழிப்பறைக் கோப்பையைக் குறிக்கும். குடிநீர் பாட்டிலுக்கு அந்தச் சொல் ஆகாது. எண்களுக்கும் இது பொருந்தும். அங்கே கெட்ட எண் 17. ரோமானிய எழுத்தில் எழுதிய பதினேழை இடம் மாற்றினால், ‘வாழ்ந்து முடித்தேன்’ என்னும் லத்தீன் சொல் வரும், அதாவது செத்துவிட்டேன் என்று பொருள். ரெனோ 17 என்ற பிரெஞ்சுக் கார் இத்தாலியில் ரெனோ 177 என்று விற்கப்பட்டது.

சில பெயர்களில் சொல்லின் ஒலி பிரச்சினை அல்ல, அது தொடும் காயம் பிரச்சினை. ஸ்பெயினில் ஓர் உணவக நிறுவனம் ‘மாஃபியா சாப்பாட்டு மேசையில் அமர்கிறது’ என்ற பொருளில் ஸ்பானியப் பெயர் வைத்து, அதை 2007இல் ஐரோப்பிய ஒன்றிய வணிகக் குறியாகப் பதிவும் செய்தது. ஸ்பெயினில் அது திரைப்படத்தை நினைவூட்டும் கவர்ச்சியான பெயர். மாஃபியா கொன்ற நீதிபதிகளையும் காவலர்களையும் புதைத்த நாட்டுக்கு அப்படித் தோன்றவில்லை. 2015இல் இத்தாலிய அரசு பதிவை நீக்கக் கோரியது. பதிவு செல்லாது என்ற முடிவை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2018 மார்ச்சில் உறுதி செய்தது. பொது ஒழுங்குக்கோ நல்லொழுக்கத்துக்கோ முரணான பெயர் என்றால், ஒன்றியத்தின் ஒரு பகுதியில் மட்டும் அப்படி இருந்தாலே பதிவை மறுக்கலாம் என்பது விதி. ஆகவே இத்தாலியில் கடையே இல்லாத நிறுவனமும் ஐரோப்பா முழுமைக்கும் பெயரைப் பதிவதற்கு முன் இத்தாலியக் காதில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஒத்த ஒலி கிடைத்ததுமே பெயரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘மணி’ அங்கே ‘கைகள்’, ‘தேவி’ என்றால் ‘நீ செய்தாக வேண்டும்’. இவற்றால் எந்தக் கடையும் நொடித்துப்போகாது. நாடு முழுவதும் கொச்சையாகக் கேட்கும் பெயரை விட்டுவிடலாம். ஒரு வட்டாரத்தில் மட்டும் கேட்கும் பெயரென்றால் அந்த வட்டாரத்தில் விற்கப்போகிறோமா என்று பார்க்கலாம். யோசித்துத் தேடினால்தான் தோன்றும் ஒற்றுமையைப் பொருட்படுத்தத் தேவையில்லை. கேட்டவர் முதல் நொடியில் சிரித்தாரா, அரை நிமிடம் யோசித்துச் சொன்னாரா என்பதைக் குறித்துக்கொள்வது இதற்காகத்தான்.

சிசிலித் தீவின் பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். அங்கே ஒருவர் ‘முத்து’ என்ற பெயரில் நகைக்கடையோ மளிகைக்கடையோ தொடங்க நினைப்பதாக வைத்துக்கொள்வோம். நம் வழக்கப்படி ‘டி-எச்’ போட்டு எழுதுவார். இத்தாலியில் ‘எச்’ ஒலிக்காது, ‘டி’யும் ஒன்றுதான். வாடிக்கையாளர் ‘மூது’ என்பதைப் போல ‘மூத்து’ என்று நீட்டிப் படிப்பார். சிசிலி வழக்கில் அது வாய் பேசாதவர். ‘எச்’சை எடுத்துவிட்டு இரண்டு ‘டி’ போட்டால் நம் வாயில் வரும் ‘முத்து’ அப்படியே அவர் வாயிலும் வரும், இரட்டித்த ‘த்’தோடு. சிசிலிப் பாட்டிமார் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பழமொழி என்று பொருள்.