டிஸ்டார்ஷனுக்கு இரண்டு சுரம் போதும்

டிஸ்டார்ஷனைக் கூட்டினால், சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் அதிர்வெண் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் புதிய ஒலிகளாகக் கிளம்பும். மேஜர் கார்டின் மூன்று சுரங்களில் இவை மோதிக்கொண்டு இரைச்சலாகும். பவர் கார்டில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே. 110, 165 ஹெர்ட்ஸ் என்றால் வித்தியாசம் 55. அதே ஷட்ஜம், ஒரு ஸ்தாயி கீழே. அந்தக் கனம் வருவது இதனால்தான்.

இதை வாசிக்க, தடித்த ஆறாம் கம்பியின் 5ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலும், ஐந்தாம் கம்பியின் 7ஆம் ஃபிரெட்டில் மோதிர விரலும் அழுந்தட்டும். புதியவர்களுக்குப் பெரும்பாலும் ஒலியைக் கெடுப்பவை சும்மா கிடக்கும் மற்ற நான்கு கம்பிகளே. ஆள்காட்டி விரலைச் சற்றுப் படுக்கவைத்து அவற்றை லேசாகத் தொடுங்கள், அழுத்த வேண்டாம். பிறகு ஆறு கம்பிகளையும் ஒருசேர மீட்டிப் பாருங்கள். மூன்றாவதாக ஏதாவது ஒலித்தால், அந்தக் கம்பியை விரல் தொடவில்லை.