போனில் பொத்தான், சக்கரத்தில் முடிவு

ஷாவ்மி நிறுவனத்தின் எம்365 ரக மின் ஸ்கூட்டரை ஆப்பில் பூட்டிவிட்டுக் காப்பிக் கடைக்குள் போகிறீர்கள். யாராவது அதை உருட்டப் பார்த்தால் முன்சக்கரம் முரண்டு பிடிக்கும், வண்டி பீப் பீப் என்று கத்தும். ஆனால் விவரம் தெரிந்தவன் உருட்ட மாட்டான். ஹேண்டிலைப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்குவான். அந்த வண்டியில் மோட்டார் இருப்பது முன்சக்கரத்தில் மட்டும்தான். பின்சக்கரம் எப்போதும் தடையின்றிச் சுழலும். ரயில் நிலையத்தில் பெட்டியை இழுத்துப் போவதுபோல இழுத்துப் போய்விடலாம். மொத்த எடையே 12.5 கிலோதான். ஆப்போ "பூட்டப்பட்டுள்ளது" என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டரைப் பற்றி நான் பேசவில்லை. ஐரோப்பிய நகரங்களில் நின்றபடி ஓட்டிப் போகிறார்களே, அந்த மடக்கு ஸ்கூட்டர். எம்365 சீனாவில் 2016 டிசம்பரில் அறிமுகமானது. அமெரிக்காவில் வாடகை ஸ்கூட்டர் சேவை தொடங்கிய பேர்ட் நிறுவனம் முதலில் இறக்கியதும் இந்த வண்டிகளைத்தான். வேகம், பிரேக், பூட்டு மூன்றையும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் அந்தத் திரையில் நாம் கொடுப்பது விண்ணப்பம் மட்டுமே. அதை ஏற்பதும் மறுப்பதும் வண்டிக்குள் இருக்கும் மூன்று சர்க்யூட் போர்டுகளின் கையில் இருக்கிறது.

ஹேண்டில் உச்சியில் இருக்கும் போர்டு போனோடு புளூடூத்தில் பேசும். கால் வைக்கும் பலகைக்குள் இருக்கும் கண்ட்ரோலர் மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் விட வேண்டும் என்று தீர்மானிக்கும். பேட்டரியோடு சேர்ந்திருக்கும் மூன்றாவது போர்டு பேட்டரியின் காவல்காரன். அது மற்ற இருவரையும் மீறி மின்சாரத்தையே துண்டித்துவிடும். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் ஆப்பின் விநோதங்கள் பலவும் புரியும்.

முதலில் வேகம். எம்365-இல் மின்சார பொத்தானை இருமுறை அழுத்தினால் சிக்கன முறைக்குப் போகும். அப்போது வேகம் மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டாது. சாதாரண முறையில் 25 வரை போகும். பிறகு வந்த ரகங்களில் நடை வேகம், நடுத்தரம், ஸ்போர்ட் என்று படிகள் வந்தன. முறையை மாற்றும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன: உச்ச வேகம் குறைகிறது, கிளம்பும்போது மோட்டாருக்குப் போகும் மின்சாரமும் குறைகிறது. அதனால்தான் சிக்கன முறையில் வண்டி மேட்டில் திணறுவதுபோல் தோன்றும். அது பழுதல்ல, கேட்டது கிடைத்திருக்கிறது.

வேக வரம்பு என்ற எண் கண்ட்ரோலரின் மென்பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் 2019 ஜூனில் வந்த விதிப்படி இத்தகைய ஸ்கூட்டர் 20 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. பிரான்சில் 25 வரை போகலாம். ஒரே மோட்டார், ஒரே பேட்டரி, எந்த நாட்டில் விற்கிறார்களோ அதற்கேற்ற எண். வேறு மென்பொருளை ஏற்றி அந்த எண்ணைக் கூட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஜெர்மனியில் அப்படிச் செய்தால் வண்டிக்கான அனுமதியே போய்விடும். விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல்.

எந்தப் படியில் வைத்திருந்தாலும், சார்ஜ் குறையக் குறைய உச்ச வேகமும் குறையும். பேட்டரியின் வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரால் அதே வேகத்தில் சுழல முடியாது. காலையில் 25 காட்டிய வண்டி மாலையில் 20 காட்டினால் ஆப்பை அழித்துத் திரும்ப நிறுவ வேண்டியதில்லை. சார்ஜ் போட்டாலே போதும்.

அடுத்தது மீட்பு பிரேக். ஓட்டுகிறவர்கள் ரீஜென் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டார் டைனமோவாக மாறி, ஓடும் வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த இழுப்பில் வண்டி மெதுவாகிறது. இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஆப்பில் Weak, Medium, Strong என்று மூன்று படிகள். புதிதாக வாங்கியவர்கள் பலர் நேராக Strong வைப்பார்கள். அதிகம் மீட்டால் அதிக தூரம் போகலாம் என்ற கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 75 கிலோ ஆளும் வண்டியும் சேர்ந்து 87.5 கிலோ. 25 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து முழுதாக நிற்கும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 0.6 வாட் அவர். பேட்டரி முழுவதும் 280 வாட் அவர். ஒரு முழு சார்ஜில் 30 கிலோமீட்டர் என்கிறது நிறுவனம். அதன்படி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 9.3 வாட் அவர் செலவாகிறது. ஆக, ஒருமுறை நிற்பதில் ஒரு துளிகூட வீணாகாமல் மீட்டாலும் கிடைப்பது சுமார் 60 மீட்டர் ஓட்டம். கம்பியிலும் மோட்டாரிலும் வெப்பமாகப் போவது, கடைசியில் கைப்பிரேக் தின்பது எல்லாம் கழித்துப் பாதி மிஞ்சினால் 30 மீட்டர். அலுவலகம் போகும் வழியில் இருபது சிக்னலில் நின்றாலும் 600 மீட்டர்தான். பெரிய லாபமில்லை.

சமதளச் சாலையில் Strong நஷ்டமாகவும் முடியலாம். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் அது தானாகவே ஓடுமே, அந்த ஓட்டம் இலவசம். Strong வைத்தால் விசையை விட்ட கணமே வண்டி இழுத்துப் பிடிக்கும், அந்த இலவச ஓட்டம் போய்விடும். பிடித்த வேகத்தில் பாதி மின்சாரமாகித் திரும்பும், மீதி வெப்பமாகிவிடும். பிறகு அதே வேகத்துக்கு வர மறுபடி பேட்டரியில் இருந்தே எடுக்க வேண்டும். போதாக்குறைக்கு எம்365-இல் இந்த இழுப்பு முழுக்க முன்சக்கரத்தில் விழுகிறது. மழையில் நனைந்த கல் தரையிலும் ஈரச் சருகுகளிலும் முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது கடினம். சமதள நகரத்துக்கு Weak போதும். அடிக்கடி நின்று கிளம்பும் நெரிசலில் Medium சௌகரியம், கட்டைவிரல் ஒன்றாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நீண்ட இறக்கத்தில்தான் Strong-க்கு உண்மையான வேலை.

ஆனால் ஆப் சொல்லாத ஆபத்து இருப்பதும் அந்த இறக்கத்தில்தான். மேட்டின் மேல் வீடு இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் இறங்குகிறார். இறக்கம் 20 மீட்டர் உயரம், ஏழு மாடிக் கட்டடம் அளவு. இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 4.8 வாட் அவர், பேட்டரியில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. கேட்கச் சிறிதுதான், ஆனால் நிரம்பிய குடத்தில் ஒரு டம்ளர் நீருக்கும் இடமில்லை. இந்தப் பேட்டரியில் வரிசைக்குப் பத்து செல்கள். ஒவ்வொன்றுக்கும் உச்சம் 4.2 வோல்ட், மொத்தம் 42. அதற்கு மேல் திணித்தால் செல்லுக்குக் கேடு என்பதால் காவல் போர்டு விடாது. ஆக, ஆப்பில் Strong என்று இருக்கும், ஆனால் விசையை விட்டால் நேற்று மாலை இருந்த இழுப்பு இருக்காது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியும் இப்படித்தான் மறுக்கும். லித்தியம் செல்லைக் குளிரில் சார்ஜ் செய்வது அதற்கு நல்லதல்ல.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பிய முதல் சில மீட்டர்களில், இறக்கம் தொடங்கும் முன்பே, ஒருமுறை விசையை விட்டுப் பாருங்கள். இழுப்பு மெலிந்திருந்தால் அன்றைக்குக் கைப்பிரேக்தான் துணை. அது பின்சக்கரத்து டிஸ்க்கைக் கம்பியால் பிடிப்பது, பேட்டரியின் தயவு அதற்குத் தேவையில்லை. மேட்டில் குடியிருப்பவர் 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொண்டால் பேட்டரியில் எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும். ரீஜென்னை நம்பி டிஸ்க் பிரேக்கின் கம்பியைத் தளரவிட்டவர்தான் இதில் மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது, தொலைவிலிருந்து பூட்டுவது. எம்365-இல் இந்தத் தொலைவு புளூடூத் எட்டும் தூரம்தான், சில மீட்டர்கள். வீட்டில் இருந்துகொண்டு அலுவலக வாசலில் நிற்கும் வண்டியைப் பூட்ட முடியாது. வாடகை ஸ்கூட்டர்களை நிறுவனம் எங்கிருந்தோ பூட்டுகிறதே என்றால், அவற்றில் சிம் கார்டும் இடம் காட்டும் கருவியும் தனியாகப் பொருத்தியிருக்கிறார்கள். இதில் இரண்டும் இல்லை. பூட்டுக்குச் சார்ஜும் தேவை. சக்கரம் அசைகிறதா என்று கண்ட்ரோலர் விழித்திருந்து பார்க்க வேண்டும், பேட்டரி தீர்ந்தால் காவலும் தீர்ந்தது.

இந்தப் பூட்டின் பெரிய ஓட்டை 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. ஜிம்பீரியம் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ரானி இடான், எம்365-இன் கடவுச்சொல் எங்கே சரிபார்க்கப்படுகிறது என்று ஆராய்ந்தார். ஆப் சரிபார்த்தது, ஸ்கூட்டர் சரிபார்க்கவில்லை. கடவுச்சொல் கேட்கும் ஆப்பைத் தவிர்த்து, வேறொரு நிரலில் இருந்து நேராக ஸ்கூட்டருக்கு ஆணை அனுப்பினால் அது யார் எவர் என்று கேட்காமல் கீழ்ப்படிந்தது. வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான். 100 மீட்டர் தொலைவுக்குள் நிற்கும் எந்த எம்365-ஐயும் அந்நியர் ஒருவர் பூட்டிவிடலாம் என்று அவர்கள் செய்துகாட்டினார்கள். வேறு மென்பொருளை ஏற்றி ஓடும் வண்டியைத் திடீரென நிறுத்தவோ முடுக்கவோ முடியும் என்றும் எச்சரித்தார்கள். திருட்டைத் தடுக்கக் கொடுத்த வசதியே, உரிமையாளருக்கு எதிராகத் திரும்பக்கூடியதாக இருந்தது.

எந்த ரகமாக இருந்தாலும் வாங்கிய அன்றே ஆளில்லாத மைதானம் ஒன்றில் சோதித்துவிடலாம். ஒவ்வொரு வேகப் படியிலும் கிளம்பிப் பாருங்கள். மூன்று ரீஜென் படிகளிலும் விசையை விட்டு எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள், சார்ஜ் 100-இல் இருக்கும்போது ஒருமுறை, 70-இல் ஒருமுறை. பிறகு பூட்டிவிட்டு முன்பக்கத்தைத் தூக்கி இழுங்கள், பின்பக்கத்தையும் தூக்கி இழுங்கள். எந்தப் பக்கம் தூக்கினால் வண்டி தடையின்றி நகர்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு விடை இரும்பு வளையப் பூட்டு ஒன்று. வண்டியின் சட்டத்தையும் சாலையோரக் கம்பத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். ஆப்பின் பூட்டு பீப் என்று கத்துவதற்கு உதவும், அந்தச் சத்தம் காப்பிக் கடைக்குள் கேட்டால் நல்லது.